கரண்ட் பில்லும் கிழிக்கிற காலண்டரும்

எங்க வீட்டுக்கு மூணு பில் வருதுங்க. கரண்ட், தண்ணி, நெட். மூணையும் இப்போ போன்லயே கட்டிடறோம். கட்டறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஏழாவது படிக்கிற பையன்கூட கட்டிருவான். ஆனா எந்த நாளைக்குள்ள கட்டணும்ங்கறதுலதான் விசயமே இருக்கு. மூணு பில்லும் மூணு மாதிரி நாள் கணக்கு வெச்சிருக்கு. ஒண்ணுக்குப் போட்ட நினைவூட்டல் இன்னொண்ணுக்கு ஆகாது. இதைப் பத்தி எழுதச் சொல்லி பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரெண்டு மூணு தடவை கேட்டாரு, அதனால எழுதறேன்.

முதல்ல கரண்ட். தோட்டத்து மோட்டாருக்கு நமக்கு பில் கிடையாது, 1990-லயிருந்து விவசாய இணைப்புக்கு இலவசம். அந்தப் பழக்கத்துல நம்ம ஆளுக பல பேருக்கு கரண்ட் பில்னாலே ஒரு அசால்ட்டு. ஆனா வீட்டு இணைப்பு வேற. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுப்பாங்க, 100 யூனிட் வரைக்கும் இலவசம், அதுக்கு மேல போனா பில்.

ஆப்புல முதல் தடவை சேர்க்கறப்போ எல்லாரும் தடுமாறுற இடம் அந்த நம்பர். வெள்ளை அட்டையில இருக்கற சர்வீஸ் நம்பரை அப்படியே அடிச்சா "இந்த நம்பர் தப்பு"ன்னு வரும். காரணம், முன்னால மண்டலத்து நம்பர் ரெண்டு இலக்கம் சேர்க்கணும். எங்க ஈரோட்டுக்கு 04. கோயமுத்தூருக்கு 03, மதுரைக்கு 05, திருச்சிக்கு 06. அதுக்கப்பறம் பிரிவு அலுவலகத்து நம்பர் மூணு இலக்கம், பகிர்மான நம்பர் மூணு இலக்கம், கடைசியா நம்ம சர்வீஸ் நம்பர். இடைவெளி, கோடு எதுவும் இல்லாம ஒரே மூச்சா அடிக்கணும். அடிச்சதும் பேரும் தொகையும் திரையில வரும். எங்க வீட்டு இணைப்புக்கு எங்க அப்பா பேர்தான் வருது, அவரு போயி பதினோரு வருசம் ஆச்சு. பேர் மாத்தாத வீடு ஊர்ல பாதிக்கு மேல இருக்கு. அதனால பேரைப் பார்த்து பயப்பட வேண்டாம், ஆனா பேரைப் பார்க்காம மட்டும் கட்டிராதீங்க. ஒரு இலக்கம் மாறினா அடுத்த தெருக்காரர் பில்லை நம்ம காசுல கட்டின மாதிரி ஆயிடும். போன காசை யாருகிட்ட போய் கேக்கறது? பேரும் தொகையும் ரெண்டும் அட்டையோட ஒத்துப் போச்சுன்னா சரி. அப்பறம் அந்த இணைப்புக்கு ஒரு செல்லப் பேர் வெச்சு சேமிச்சுக்கலாம். நான் "வீடு"ன்னும் "அக்கா வீடு"ன்னும் வெச்சிருக்கேன்.

அக்கா வீட்டு இணைப்பு என் போனுக்கு வந்ததுக்கு ஒரு கதை இருக்கு, அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னால நாள் கணக்கு.

கரண்ட் பில்லுக்கு "மாசம் இந்தத் தேதி"ன்னு ஒண்ணு கிடையாதுங்க. ரீடிங் எடுத்த நாள்ல இருந்து 20 நாள். அவ்வளவுதான் கணக்கு. ரீடிங் எடுக்கறவரு ஒரு தடவை 4-ஆம் தேதி வருவாரு, அடுத்த தடவை 9-ஆம் தேதி வருவாரு. நடுவுல ஞாயித்துக்கிழமை, நோம்பி, மழை எல்லாம் இருக்குல்ல. அவரு நாள் தள்ளினா நம்ம கெடுவும் தள்ளும். இதனால போன் காலண்டர்ல "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, 20-ஆம் தேதி"ன்னு போட்டு வெச்சா ரெண்டு தடவை சரியா அடிக்கும், மூணாவது தடவை பில்லே வராதப்ப அடிக்கும், இல்லாட்டி கெடு முடிஞ்சு அடிக்கும். அப்படி ரெண்டு தடவை வீணா அடிச்சா, மூணாவது தடவை நாம அதைப் பார்க்கவே மாட்டோம்.

சரி, ஆப்பே நினைவூட்டுதே, அது போதாதான்னு கேப்பீங்க. ஒருக்கா கட்டி சேமிச்ச இணைப்புக்கு புது பில் விழுந்ததும் ஆப்பு செய்தி அனுப்பும், நல்ல வசதிதான். ஆனா அந்தச் செய்தி நம்ம கண்ணுல படணும்னா ரெண்டு விசயம் சரியா இருக்கணும். ஒண்ணு, போன் அமைப்புல அந்த ஆப்புக்கு `Notifications` அனுமதி இருக்கணும். புது போன் வாங்கி ஆப்பை மறுபடி ஏத்தறப்போ அது "அனுமதிக்கவா"ன்னு கேக்கும். நாம வேலை அவசரத்துல வேண்டாம்னு தட்டியிருப்போம். ரெண்டு, பேட்டரி மிச்சம் பண்றேன்னு போனே சில ஆப்பைத் தூங்க வெச்சிரும். ஒரு மாசமா திறக்காத ஆப்பைத்தான் முதல்ல தூங்க வைக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மட்டும் திறக்கற பில் ஆப்பு அதுல வசமா மாட்டும்.

இப்போ அக்கா கதை.

அக்கா மேலத் தெருவுல தனியா இருக்காங்க. மாமா தவறி நாலு வருசம். பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை, அங்கிருந்தே அம்மா வீட்டு கரண்ட் பில்லைப் போன்ல பார்த்துக்கறான். பார்த்துக்கறான்னா, பார்க்க ஒண்ணும் இருந்ததில்ல. தனி ஆளு, ரெண்டு லைட்டு, ஒரு பேன், சாயங்காலம் டீவி, ஒரு சின்ன பிரிட்ஜ். எண்பது, எண்பத்தஞ்சு யூனிட்டுதான் ஓடும். 100-க்குள்ள இருக்கறதால பில் தொகை பூஜ்யம். தொகை பூஜ்யமா இருந்தா ஆப்புல "பாக்கி எதுவும் இல்லை"ன்னுதான் வரும், நினைவூட்டலும் வராது. ஒரு வருசத்துக்கு மேல அப்படியே போச்சு. அவனுக்கும் "அம்மா வீட்டுக்கு பில் வராது"ன்னு மனசுல பதிஞ்சிருச்சு.

போன தை மாசம் அக்கா குஞ்சு பொரிக்கிற மிசின் ஒண்ணு வாங்கினாங்க. நூறு முட்டை வைக்கிற சின்ன மிசின். நாட்டுக்கோழி முட்டை வெச்சா 21-ஆம் நாள் குஞ்சு. ஒரு நாள் குஞ்சா வித்தாலும் கைக்கு நல்ல காசு. அந்த மிசின் பெருசா ஒண்ணும் கரண்ட் இழுக்காது, ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. ஆனா ராப்பகலா ஓடணும்ல. ரெண்டு மாசத்துக்கு அறுபத்தஞ்சு, எழுபது யூனிட் கூடிப் போச்சு. 85 இருந்த இடத்துல 152. பில் வந்திருச்சு. எவ்வளவு தெரியுமா, நூத்தி இருபது ரூபா சொச்சம்.

அந்த நூத்தி இருபது ரூபாயை யாருமே பார்க்கலை. ரீடிங் எடுத்தவரு போன்லயே பதிஞ்சுட்டுப் போயிட்டாரு, அட்டையில எழுதல. குறுஞ்செய்தி போனது மாமாவோட பழைய நம்பருக்கு. இணைப்புல பதிஞ்ச நம்பர் அதுதான், அந்த சிம் எப்பவோ செத்துப் போச்சு. பையன் தீபாவளிக்குப் புது போன் வாங்கினதுல ஆப்புக்கு செய்தி அனுமதி இல்ல. ஆக மூணு வாசலும் அடைச்சுக் கிடந்திருக்கு.

கெடு முடிஞ்சு சில நாள் கழிச்சு, காலையில பதினோரு மணிக்கு லைன்மேன் வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிட்டுப் போயிட்டாரு. அவரு மேல ஒரு குத்தமும் இல்லைங்க, அவரு கையில இருந்தது ஒரு பட்டியல், அதுல அக்கா வீட்டு நம்பர் இருந்துச்சு. அக்கா அந்நேரம் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாங்க. ரெண்டு மணிக்கு வந்து பார்த்தா மிசின் அணைஞ்சு கிடக்கு. உள்ள அறுபத்திரெண்டு முட்டை, 18-ஆம் நாள்.

"தம்பி, மிசினு செத்துப் போச்சு, ஓடியா"ன்னு போன். நான் போய்ப் பார்த்தா பக்கத்து வீட்டுல எல்லாம் பேன் சுத்துது. மீட்டர் பெட்டியில பியூஸ் கட்டை இல்ல. அப்பத்தான் விசயம் புரிஞ்சுச்சு. முதல்ல முட்டையைப் பார்த்தோம். மிசின் மூடியைத் திறக்காம மேல ரெண்டு கம்பளியைப் போத்தி, நானும் பக்கத்து வீட்டுப் பையனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து பிளக்கைச் சொருகினோம். 18 நாள் முட்டைக்குள்ள குஞ்சு முழுசா வளர்ந்திருக்கும், அதுக்கே கொஞ்சம் சூடு உண்டு, அதனால மூணு நாலு மணி நேரம் தாங்கும். முதல் வாரத்து முட்டையா இருந்தா சொல்ல முடியாது. கடைசியில நாப்பத்தொண்ணு பொரிஞ்சுது. போன தடவை ஐம்பதுக்கு மேல வந்துச்சுன்னு அக்கா சொன்னாங்க.

மிசினை வெச்சுட்டு பில்லை என் போன்லயே கட்டினேன். பில்லோட மறு இணைப்புக் கட்டணமும் சேர்ந்து வந்துச்சு. ரசீதைக் காட்டினதும் சாயங்காலம் கட்டையைப் போட்டுட்டாங்க. ராத்திரி பையன் பேசினான். "மாமா, ஆப்புல ஒண்ணுமே வரலைங்க மாமா"ன்னான். "வராது மாப்ளே, நீ போய்ப் பார்த்தாத்தான் இருக்கும்"னேன். அவன் பாவம், அங்கிருந்து என்ன பண்ணுவான். பில் கட்டறவன் ஒரு ஊர்ல, ரீடிங் எடுக்கறதைப் பார்க்கறவங்க இன்னொரு ஊர்ல. நம்ம பக்கத்துல இப்போ நிறைய வீடு இப்படித்தான் இருக்கு. பெத்தவங்க இங்க, பணம் கட்டற பிள்ளைக அங்க.

அதனால அக்கா வீட்டுக்கு இப்போ ஒரு ஏற்பாடு. இணைப்புல பதிஞ்ச நம்பரைப் பையன் நம்பரா மாத்தியாச்சு, அதுக்கு மின்வாரிய இணையதளத்துலயே வசதி இருக்கு. ரீடிங் எடுக்க ஆளு வந்தா அக்கா பையனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பாங்க. கால் வந்த அன்னிக்கு ராத்திரியோ மறுநாளோ அவன் ஆப்பைத் திறந்து பில்லை இழுத்துப் பார்க்கணும். செய்திக்காகக் காத்திருக்கக் கூடாது. அவனே போய் இழுக்கணும். பூஜ்யம்னா பூஜ்யம், தொகை இருந்தா கட்டிரணும். என் போன்லயும் அந்த இணைப்பு இருக்கு, சும்மா ஒரு பாதுகாப்புக்கு.

எங்க வீட்டுக்கு நான் பண்றது இன்னும் சுலபம். சுவத்துல தினமும் கிழிக்கிற காலண்டர் தொங்குதுல்ல, ரீடிங் எடுத்த அன்னிக்கே அதைப் புரட்டி, பன்னெண்டு நாள் தள்ளி வர்ற தாள்ல "EB"ன்னு பேனாவுல பெருசா எழுதிருவேன். அந்த நாள் வந்து தாளைக் கிழிக்கிறப்போ தானா கண்ணுல படும். சார்ஜ் வேண்டாம், அனுமதி வேண்டாம். எங்க வீட்டம்மாவும் பார்ப்பா, மகளும் பார்ப்பா. போன்லயும் ஒண்ணு போடுவேன், ஆனா அதுல "திரும்பத் திரும்ப"ன்னு போடாம ஒத்தைத் தடவைக்கு மட்டும் போடுவேன். அடுத்ததை அடுத்த ரீடிங் அன்னிக்குத்தான் போடணும்.

20 நாள் இருக்கறப்போ பன்னெண்டுல ஏன் எழுதறேன்னு மகளே கேட்டா. கடைசி நாளைக்கு முந்தின நாள் வெச்சா போதாதான்னு. போதாது. ஏன்னு இந்த ஆடி மாசம் நடந்ததை வெச்சுச் சொல்றேன்.

ரீடிங் எடுத்தது ஜூலை 4. கெடு ஜூலை 24. எங்க பால் சொசைட்டியில பத்து நாளைக்கு ஒருக்கா காசு விழும், அது 15-ஆம் தேதி விழுந்துச்சு. 16-ஆம் தேதி காலையில ஆப்புல 1,140 ரூபா கட்டினேன். பின் நம்பர் போட்டதும் சக்கரம் சுத்திக்கிட்டே இருந்து, கடைசியில "Pending"னு நின்னுச்சு. பேங்குல இருந்து காசு எடுத்தாச்சுன்னு செய்தி வந்திருச்சு. ஆனா பில்லை மறுபடி இழுத்துப் பார்த்தா 1,140 அப்படியே பாக்கி நிக்குது. காசு நம்ம கணக்குலயும் இல்ல, வாரியத்துக்கும் போய்ச் சேரல. நடுவுல எங்கயோ நிக்குது.

இந்த இடத்துலதான் பல பேரு பதறிப் போய் இன்னொரு தடவை கட்டிருவாங்க. கட்டக் கூடாது. முதல்ல கட்டினது சாயங்காலம் போய்ச் சேர்ந்திருச்சுன்னா ரெண்டு தடவை கட்டின மாதிரி ஆகும். யுபிஐ-யில காசு எடுத்து, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த உறுதி வரலைன்னா, கட்டின நாள்ல இருந்து அஞ்சு நாளைக்குள்ள தானா கணக்குக்குத் திரும்பணும்னு ரிசர்வ் வங்கி 2019-லயே விதி போட்டிருக்கு. அதுக்கு மேல தாமதமானா நாளைக்கு 100 ரூபா வீதம் நமக்குத் தரணும். ஆக நாம பொறுக்க வேண்டியது அஞ்சு நாள். 16-ஆம் தேதி கட்டினா 21 வரைக்கும்.

என் காசு 18-ஆம் தேதி ராத்திரி திரும்பி வந்துச்சு. 19-ஆம் தேதி மறுபடி கட்டினேன், ரெண்டு நிமிசத்துல ரசீது வந்திருச்சு. ஒருவேளை 21 வரைக்கும் இழுத்திருந்தாலும் மூணு நாள் கையில இருந்திருக்கும், பஸ் ஏறிப் போய் கவுண்டர்லயே கட்டிருப்பேன். இதையே 23-ஆம் தேதி முதல் தடவையா கட்டி மாட்டியிருந்தா? 28 வரைக்கும் பொறுக்கணும், கெடு 24. அப்போ ஒண்ணு ரெண்டாவது தடவை காசு போடணும், இல்லாட்டி பியூஸ் கட்டை போகும். கெடுவுல இருந்து பின்னாடி எண்ணி, மாட்டின காசு திரும்பறதுக்கு அஞ்சு நாள், கவுண்டருக்குப் போக ரெண்டு நாள் விட்டுட்டு நினைவூட்டலை வைக்கணும். அப்படி எண்ணினா 13-ஆம் நாள் வருது. நான் ஒரு நாள் முந்தி பன்னெண்டுல வெச்சுக்கறேன், அதுக்குள்ள ஒரு பால் காசு எப்படியும் விழுந்திரும்.

காசு போய்ச் சேர்ந்ததா இல்லையான்னு எப்படித் தெரியும்? பேங்க் செய்தியை நம்பாதீங்க, அது காசு நம்மளை விட்டுப் போனதைத்தான் சொல்லும். ஆப்பு ரசீதுல பில் கட்டின நம்பர்னு ஒண்ணு வரும், `B-Connect Txn ID`ன்னு போட்டிருக்கும். முன்னால பாரத் பில்பே-ன்னு இருந்ததுக்குத்தான் இப்போ பாரத் கனெக்ட்னு பேரு, அதோட நம்பர் இது. புகார் குடுக்கணும்னா இதைத்தான் கேப்பாங்க. அந்த ரசீதை ஒரு படம் பிடிச்சு வெச்சுக்கங்க. அதுக்கும் மேல, அரை மணி கழிச்சு பில்லை மறுபடி இழுங்க. "பாக்கி இல்லை"ன்னு வந்தாத்தான் நான் காலண்டர் தாள்ல டிக் போடுவேன்.

நெட்டுக்கு வர்றேன். மக காலேஜ் பாடமும் ஈரோட்டு மஞ்சள் விலையும் பார்க்கறதுக்காக உள்ளூர்க்காரர் ஒருத்தர்கிட்ட பைபர் இணைப்பு வாங்கியிருக்கோம். 399 ரூபா பிளான், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தா 471. இது முன்பணம் கட்டற இணைப்பு. இதுல 20 நாள் கெடு, எச்சரிக்கை எல்லாம் இல்ல. நாள் முடிஞ்ச ராத்திரி நெட் நின்னிரும், அவ்வளவுதான். இங்க ஏமாத்தறது வேற ஒண்ணு. மாசாமாசம்னு நாம நினைக்கிறோம், அவங்க கணக்கு 30 நாள். ஜூன் 10 கட்டினா ஜூலை 10 வரைக்கும். அதுவரைக்கும் ஒத்து வருது. அப்பறம் ஆகஸ்ட் 9, செப்டம்பர் 8, அக்டோபர் 8, நவம்பர் 7. முப்பத்தொண்ணு நாள் இருக்கற மாசம் ஒவ்வொண்ணும் ஒரு நாளைப் பின்னுக்கு இழுக்குது. "மாசம் 10-ஆம் தேதி"ன்னு நினைவூட்டல் வெச்சவனுக்கு செப்டம்பர்லயே ரெண்டு நாள் நெட் இருக்காது. மக பரிச்சைக் கட்டணம் கட்ட வேண்டிய நாள்ல இது நடந்துச்சுன்னா வீட்டுல சத்தம்தான்.

இதுக்குத் திரும்பத் திரும்ப வர்ற நினைவூட்டல் சரியா வரும், ஆனா போன் காலண்டர்ல `Every month`ஐத் தொடக் கூடாது. `Custom`னு இருக்கறதைத் தட்டி, 30 நாளைக்கு ஒருக்கான்னு போடணும். முடியற நாளைக்கு ஒரு நாள் முந்தி அடிக்கிற மாதிரி வைக்கலாம். ரொம்ப முந்திக் கட்டறதுக்கு முன்னால உங்க ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. சில பேரு மிச்ச நாளைப் புதுசோட சேர்த்துத் தருவாங்க, சில பேரு கட்டின நாள்ல இருந்தே 30 எண்ண ஆரம்பிச்சிருவாங்க. எங்க ஆளு சேர்த்துத் தர்றாரு.

தண்ணிதான் மூணுலயும் விசித்திரம். ஊராட்சிக் குழாய்த் தண்ணிக்கு மாசம் 50 ரூபா, வருசத்துக்கு 600. பில் ஆப்புல தேடினா எங்க ஊராட்சிப் பேரே வரல. டவுன்காரங்களுக்கு மாநகராட்சி, நகராட்சின்னு வருது, நமக்கு இல்ல. நமக்கு அரசாங்கத்தோட தனித் தளம் இருக்கு:

`vptax.tnrd.tn.gov.in`

மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி தேர்ந்தெடுத்து இணைப்பு எண்ணைப் போட்டா பாக்கி வரும், யுபிஐ-யிலயே கட்டலாம். வீட்டு வரியும் அதுலயே கட்டலாம். ரெண்டுக்கும் எண் வேற வேற, வீட்டு வரி எண்ணைப் போட்டுட்டுத் தண்ணி பாக்கியைத் தேடிக்கிட்டிருக்க வேண்டாம். எனக்கு முதல் தடவை பார்த்தப்போ மூணு வருசப் பாக்கி காட்டுச்சு. ரசீது புத்தகத்துல கட்டின பழைய பணம் கம்ப்யூட்டர்ல ஏறல. பழைய ரசீதை எல்லாம் ஒரு கவர்ல போட்டு வெச்சிருந்தேன், கொண்டு போய்க் காட்டினதும் செயலர் சரி பண்ணிக் குடுத்தாரு. போன்ல பாக்கின்னு காட்டினா உடனே கட்டிராதீங்க, முதல்ல ரசீதைத் தேடுங்க.

இதுக்கு யாரும் ரீடிங் எடுக்க வர மாட்டாங்க, எந்த ஆப்பும் செய்தி அனுப்பாது. வருசத்துக்கு ஒருக்கா, புதுக் கணக்கு ஏறின பிறகு ஏப்ரல் 20-ன்னு போன்ல வெச்சிருக்கேன். இது ஒண்ணுதான் தேதி மாறாம வருசா வருசம் அடிக்கலாம். சித்திரை பிறந்து ஒரு வாரம், ஞாபகமும் இருக்கும்.

தானா காசு எடுத்துக்கற ஆட்டோபே போட்டுட்டா இந்த நாள் கணக்கே வேண்டாமேன்னு பையன் சொன்னான். நெட்டு மாதிரி ஒரே தொகை போற பில்லுக்கு அது சரிதான். எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முந்தி செய்தி வரும், வேண்டாம்னா நிறுத்திக்கலாம். கரண்டுக்கு நான் போடலை. எங்க கணக்குல பால் காசு விழுந்த அன்னிக்கு இருக்கும், தீவனக்காரருக்குக் குடுத்த மறுநாள் இருக்காது. இல்லாத நாள்ல அது எடுக்கப் பார்த்து முடியாமப் போனா, கட்டியாச்சுன்னு நாம நினைச்சுக்கிட்டு இருப்போம். சம்பளக்காரங்களுக்கு ஒத்து வரும், அவங்களுக்கு ஒண்ணாந்தேதி காசு இருக்கும்ல.

இன்னொண்ணு, நாம போடாத நினைவூட்டலும் போனுக்கு வரும். "உங்க போன மாச பில் பதியலை, இன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் கட் ஆகும், இந்த ஆபீசர் நம்பருக்கு உடனே கூப்பிடுங்க"ன்னு. சாதாரணப் பத்து இலக்கப் போன் நம்பர்ல இருந்து வந்திருக்கும். கூப்பிட்டா ஏதோ ஒரு ஆப்பை ஏத்தச் சொல்லுவான், பத்து ரூபா கட்டிப் பாருங்கன்னுவான், அதோட கணக்கு காலி. அக்கா வீட்டுல நடந்ததுக்கப்பறம் அந்த மாதிரி செய்தி வந்தப்போ எங்க வீட்டம்மாவே ஒரு நிமிசம் ஆடிப் போயிட்டா. வாரியம் ராத்திரி ஒன்பதரைக்கு ஆளு அனுப்பிப் பியூஸ் பிடுங்கறதில்லைங்க. செய்தியில இருக்கற நம்பரையோ லிங்கையோ தொடாம, ஆப்பைத் திறந்து "வீடு"ங்கற பேரைத் தட்டிப் பில்லை இழுத்தேன். பாக்கி இல்லைன்னு வந்துச்சு. காலண்டர் தாள்லயும் டிக் இருந்துச்சு. செய்தியை அழிச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன்.